மழைத் தண்ணீர்த் தொட்டி: வீட்டுக்காரர் அறிய வேண்டிய கணக்கு



இதுநாள் வரை கசியும் குழாயை அடைப்பதும், பழைய தண்ணீர்க் குழாயை மாற்றுவதுமாக இருந்த குழாய் வேலைக்காரர்களில் சிலர், இப்பொழுது புதிதாக ஒரு வேலையையும் எடுத்துச் செய்கின்றனர். "உங்கள் கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் கொடுக்கிறேன், இவ்வளவு வெள்ளி ஆகும்" என்று தாமான் வீடுகளுக்கு வந்து சொல்கின்றனர். நல்ல வேலைதான். 1998-ஆம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்பட்ட பின், 1999-இல் அரசாங்கமே இவ்வேலைக்கு வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிட்டது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்ட பொழுது, வீட்டில் ஒரு தொட்டித் தண்ணீர் இருந்தால் எவ்வளவு உதவி என்பதைப் பலரும் கண்டுகொண்டோம்.

ஆனால், வேலைக்காரர் நமக்குக் காட்டுவது தொட்டியை மட்டுமே. தொட்டி கடையில் வாங்கி வைக்கும் சாமான், அது சுலபம். தண்ணீர் தொட்டிக்குள் போகுமுன் என்ன நடக்கிறது, நிரம்பிய பின் எங்கே போகிறது என்ற இரண்டிலும்தான் வேலையின் நல்லது கெட்டது இருக்கிறது. வியாபாரிகளாகிய நாம் சரக்கைப் பார்த்து வாங்குவதுபோல் இதையும் பார்த்து வாங்கும்படி, ஒரு வீட்டை உதாரணமாக வைத்து விளக்குவோம்.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

கோலாலம்பூர்ப் பக்கத்தில் ஒரு மாடியில்லாத வரிசை வீடு என்று வைத்துக்கொள்வோம். அகலம் 20 அடி. கூரையின் முகட்டிலிருந்து பின்பக்கத்து விளிம்பு வரை, சரிவை விட்டுத் தரைமட்டமாக அளந்தால் 25 அடி. மீட்டரில் 6-க்கு ஏழரை. ஆக 45 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமே வரும்.

ஒரு மாலையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 45 தடவை 20, அதாவது 900 லிட்டர். ஓட்டை நனைப்பதிலும், தெறிப்பதிலும், வழிவதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று கழித்தால் சுமார் 700 லிட்டர் கைக்கு வரும்.

இனிச் செலவைப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பம். கழிப்பறைத் தொட்டியை ஒருமுறை இழுத்தால் 6 லிட்டர். ஆளுக்கு நாலு முறை என்றால் நாளொன்றுக்கு 120 லிட்டர். செடிகளுக்கும் வாசல் கழுவவும் 80 லிட்டர் சேர்த்தால் 200 லிட்டர். மழை குறைந்த ஒரு மாதத்தில் 100 மில்லிமீட்டர் மட்டுமே பெய்தது என்று வைத்தால், இக்கூரையில் 3,600 லிட்டர் கிடைக்கும். நாளுக்கு 120 லிட்டர். கழிப்பறைக்குச் சரியாகப் போய்விடும். இவ்வீட்டுக்கு 1,000 லிட்டர்த் தொட்டி போதும். கழிப்பறைக்கு மட்டும் என்றால் மழையே இல்லாமல் எட்டு நாள் தாங்கும். 5,000 லிட்டர்த் தொட்டி வைக்கச் சொல்பவரிடம், இக்கூரை அதை நிரப்ப மழை குறைந்த காலத்தில் ஒரு மாதத்துக்கு மேலாகும் என்று சொல்லுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குழாய்த் தண்ணீர் மலிவு. மாதம் நாலாயிரம் லிட்டர் மிச்சப்படுத்தினாலும் பில்லில் குறைவது ஒரு சில வெள்ளிகளே. "பில் பாதியாகும், போட்ட முதல் ஓரிரு வருஷத்தில் திரும்பி வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீர் நிற்கும் நாளுக்கு ஒரு கையிருப்பு என்பதே இதன் லாபம்.

முதல் தண்ணீரைக் கழிப்பது

மழை இல்லாத நாட்களில் கூரையின்மேல் தூசி, பறவை எச்சம், எலி, பூனையின் அழுக்கு, காய்ந்த இலை எல்லாம் சேர்ந்திருக்கும். மழையின் முதல் சில நிமிஷத் தண்ணீர் இவற்றைக் கழுவிக்கொண்டு வருகிறது. அதைத் தொட்டிக்குள் விட்டால் சில வாரங்களில் அடியில் சேறு கட்டி, அழுகிய முட்டைபோல் நாறத் தொடங்கும். ஆகவே முதல் தண்ணீர் தானாகவே ஒதுங்கும்படி செய்ய வேண்டும்.

அது எப்படியென்றால், கூரை வாய்க்காலிலிருந்து இறங்கும் குழாயில், தொட்டியின் வாய்க்கு மேலே மூன்று வழிகள் கொண்ட ஓர் இணைப்பைப் பொருத்துவார்கள். பக்கத்து வழி தொட்டிக்குப் போகும். நேர் கீழ்வழியில், அடி மூடிய ஒரு குழாய் நிற்கும். மழை வந்தவுடன் தண்ணீர் நேராகக் கீழே விழுந்து முதலில் அக்குழாயை நிரப்பும். அது நிறைந்த பிறகே, பின்னால் வரும் சுத்தமான தண்ணீர் பக்கவழியாகத் தொட்டிக்குள் திரும்பும். சிலர் அக்குழாய்க்குள் ஒரு மிதக்கும் பந்தையும் போடுவர். குழாய் நிரம்பியதும் பந்து மேலெழுந்து வாயை அடைத்துக்கொள்ளும். அழுக்கு மீண்டும் மேலே கலக்காது.

கூரையில் அரை மில்லிமீட்டர் மழையாவது கழிய வேண்டும். நமது 45 சதுர மீட்டருக்கு அது ஏறக்குறைய 23 லிட்டர். 4 அங்குலக் குழாய் ஓர் அடிக்கு சுமார் இரண்டரை லிட்டர் கொள்ளும்; 6 அங்குலக் குழாய் ஓர் அடிக்கு ஐந்தரை லிட்டர். ஆகவே 6 அங்குலக் குழாயில் நாலரை அடி வைத்தால் கணக்குச் சரியாகிறது. அநேக இடங்களில் 2 அங்குலக் குழாயை இரண்டடி தொங்கவிட்டு, "முதல் தண்ணீர் இதில் போய்விடும்" என்கின்றனர். அதில் பிடிப்பது ஒன்றேகால் லிட்டர்கூட இராது. அது கண்துடைப்பு.

இக்குழாயின் அடியில் திருகித் திறக்கும் மூடியும், அம்மூடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளையும் வேண்டும். மழை நின்ற பின் சில மணி நேரத்தில் தண்ணீர் சொட்டி வடிந்து, அடுத்த மழைக்குக் குழாய் காலியாகிவிடும். துளை பெரிதானால் நல்ல தண்ணீரும் வீணாகும். அடைபட்டால் குழாய் எப்பொழுதும் நிரம்பி நின்று, அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் போகும். மாதம் ஒருமுறை மூடியைத் திருகிச் சேற்றைக் கொட்டுவது வீட்டுக்காரர் வேலை. மழை பெய்த மறுநாள் அக்குழாயை விரலால் தட்டிப் பார்த்தால் வெறுங்குழாய் ஓசை வர வேண்டும்.

நிரம்பிய தண்ணீர் எங்கே போகும்?

நம் ஊரில் மழை கனத்தால் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டுவதுண்டு. அவ்வேகத்தில் நமது கூரை நிமிஷத்துக்கு 60 லிட்டர் கொடுக்கும்; காலித் தொட்டி கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாக நிரம்பிவிடும். மிச்ச மழை முழுவதும் வெளியே போக வேண்டும். ஆகையால் தண்ணீர் வரும் குழாய் எத்தனை அங்குலமோ, வழிந்து போகும் குழாயும் அத்தனை அங்குலம் இருக்க வேண்டும். தொட்டியுடன் வரும் ஓரங்குல மூக்குப் போதாது. போதாவிட்டால் தண்ணீர் மூடி வழியே பொங்கி, பீடத்தின் ஓரத்து மண்ணை அரிக்கும். நிறைந்த தொட்டியின் கனம் ஒரு டன்னுக்கு மேல். ஒரு பக்கம் மண் போனால் சாய்ந்துவிடும். பீடம் மட்டமான கான்கிரீட்டாக இருக்கட்டும். கார் நிறுத்தும் இடத்துக் கூரையின்மேல் தொட்டி ஏற்றச் சம்மதிக்க வேண்டாம். வழியும் தண்ணீரை மழைக் கால்வாயில் விட வேண்டும்; அண்டை வீட்டுச் சுவரோரத்திலோ, மலக்குழாயின் ஆள்நுழைவுக் குழியிலோ விடுவது தவறு.

கொசு விஷயமும் இதோடு சேர்ந்ததே. டெங்கிக் கொசு முட்டையிட ஒரு கரண்டித் தண்ணீர் போதும். முட்டை கொசுவாவதற்கு ஏழெட்டு நாட்களே ஆகும். தண்ணீர் நுழையும் வாய், வழியும் குழாயின் முனை இரண்டிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள துருவேறாத வலை இருக்க வேண்டும். பலரும் மறப்பது கூரை வாய்க்காலை. அது நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். வேலை முடிந்த அன்று ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றி, முழுவதும் ஓடி வடிகிறதா என்று பார்த்த பின் பணம் கொடுங்கள்.

இரண்டு தண்ணீரையும் இணைக்கலாகாது

இது எல்லாவற்றிலும் பெரிய ஜாக்கிரதை. "மழை இல்லாத நாளில் குழாய்த் தண்ணீர் வரட்டும்" என்று சொல்லி, மழைத் தொட்டியையும் வீட்டுக் குடிநீர்க் குழாயையும் ஒரு திறப்பானால் இணைத்துவிடும் வேலைக்காரர் உண்டு. திறப்பான் தேய்ந்தாலும், யாராவது மறந்து திறந்துவிட்டாலும், தண்ணீர் நிறுத்தப்பட்டுக் குழாயில் அழுத்தம் குறைகிற நேரத்தில், தொட்டித் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீரில் கலக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமின்றி, அண்டை வீட்டாரும் அதைக் குடிக்க நேரும். குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் விட வேண்டுமானால், வழிந்து போகும் மட்டத்துக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு, குழாய் முனை அந்தரத்தில் நிற்கும்படி விழச் செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடாத வரை பயமில்லை.

மழைத் தண்ணீர் கழிப்பறைக்கும், செடிக்கும், தரை கழுவவும், கார் கழுவவும் உரியது. குடிப்பதற்கும் சமையலுக்கும் வேண்டாம். அதற்கென வைக்கும் குழாயில் "குடிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டுவதோடு, திருகும் கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டால் சிறு பிள்ளைகள் தொட மாட்டார்கள். பழைய கல்நார்த் தகட்டுக் கூரை உதிரத் தொடங்கியிருந்தால், கூரையை மாற்றிய பின்பே இவ்வேலையைத் தொடங்க வேண்டும்.

ஆகவே குழாய் வேலைக்காரர் வரும்பொழுது தொட்டியின் விலையை முதலில் கேட்காதீர்கள். கூரையின் எந்தப் பக்கம், எத்தனை சதுர மீட்டர் என்று கேளுங்கள். முதல் தண்ணீருக்கு எத்தனை அங்குலக் குழாய், எத்தனை அடி என்று கேளுங்கள். வழியும் குழாய் எத்தனை அங்குலம், எந்தக் கால்வாயில் முடிகிறது என்று கேளுங்கள். குடிநீர்க் குழாயைத் தொடுகிறாரா என்று கேளுங்கள். இந்நான்குக்கும் தாளில் அளவெழுதிக் கொடுப்பவர் வேலை தெரிந்தவர். விலை பேசுவதை அவரிடம் வைத்துக்கொள்ளலாம்.