குருதிப் பூச்சுப் படத்தில் குழியங்களை இனங்காணும் முறை

வடகீழ்ப் பருவமழை இறங்கி, வாவியின் இரு கரைகளிலும் டெங்குக் காய்ச்சல் தலையெடுக்கும் மாதங்களில், மட்டக்களப்பில் குருதிப் பூச்சுப் பார்க்கப் பழகும் மாணவர்கள் நுணுக்குக்காட்டியின் பார்வைத்துண்டில் கைத்தொலைபேசியை வைத்துப் படமெடுத்து, "சேர், இது லிம்போசைட்டா, மொனோசைட்டா?" என்று கேட்டு எனக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவராயினும், உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளையாயினும், இடறுகிற இடம் ஒன்றாகவே இருக்கிறது. வர்ணத்தையே முதற் பிரமாணமாகக் கொண்டு, நீலமாகத் தெரிவதை லிம்போசைட் என்றும், சாம்பலாகத் தெரிவதை மொனோசைட் என்றும் எழுதிவிடுகிறார்கள். சாயமிட்டவரின் கைப்பழக்கமும், விளக்கின் ஒளியும், தொலைபேசி தானாகச் செய்துகொள்ளும் திருத்தமும் ஒன்றுசேர்ந்து ஆக்கிய நிறமே படத்தில் நாம் காண்பது. ஆகையால் அதை முதற் சாட்சியாக ஏற்கலாகாது. பூச்சில் படமெடுத்த இடம், குழியத்தின் அளவு, கருவின் உருவம், குழியவுருவின் தன்மை என்ற கிரமத்திலே பார்த்துவந்து, நிறத்தைக் கடைசியில் கேட்பதே என் முறை. என்னிடம் பழகுவோருக்கும் அதையே விதியாக வைத்திருக்கிறேன்.

முதலில் இடம். விரல்நுனி வடிவாய் இழுத்த பூச்சில் தலைப்பக்கம் தடித்தும் வால்பக்கம் மெலிந்தும் இருக்கும். தடித்த பகுதியிலே குழியங்கள் சுருங்கி இருண்டு நிற்பதால் மொனோசைட்டும் லிம்போசைட்போலத் தோன்றும். வால்நுனியிலோ அவை தட்டையாகப் பரந்துவிடுவதால் சாதாரண லிம்போசைட்டும் மொனோசைட்போலப் பெருத்துத் தோன்றும். எந்த இடத்துப் படம் என்பதைச் செங்குழியங்களே சொல்லிவிடும். அவை ஒன்றோடொன்று மெல்லத் தொட்டும் தொடாமலும் கிடந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிறிய வட்டம் தெரிந்தால் இடம் சரி. ஒன்றன்மேலொன்று அடுக்கிக் கிடந்தாலோ, நடுவெளிறல் இன்றிச் சப்பையாய்ப் பரந்து கிடந்தாலோ, அப்படத்தை வைத்து வாதிக்காமல் வேறிடத்தில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குவதே உத்தமம். மழைக்காலத்துக்கு உரிய குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பூச்சு மெதுவாக உலர்ந்தால், செங்குழியங்களின் நடுவில் பளபளக்கும் விளிம்புடைய வெற்றுக் குழிகள் தோன்றும். அது நோயின் லக்ஷணமன்று, ஈரத்தின் வேலை. இழுத்தவுடன் விசிறியின் கீழ் உலர்த்தினால் இது பெரும்பாலும் நேராது.

அடுத்து, படத்தின் வெற்றிடத்தைப் பாருங்கள். குழியங்களுக்கிடையே உள்ள வெளி வெண்மையாகவோ மிக இலேசான சாம்பலாகவோ இருத்தல் வேண்டும். மஞ்சளாக இருந்தால், விளக்கின் நிறம் எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறது என்று கொண்டு, வெள்ளைச் சமநிலையைத் திருத்திய பிறகே மேலே செல்லுங்கள். சாயத்தின் குற்றம் இதனின்று வேறு. நாம் வழக்கமாக இடும் லீஷ்மன் சாயத்தில் இயோசினும் மெதிலீன் நீலமும் கூடியிருக்கின்றன. கரு நீலத்தை ஏற்று ஊதாவாகவும், செங்குழியத்தின் ஈமோகுளோபின் இயோசினை ஏற்று இளஞ்சிவப்பாகவும் நிற்பது இவ்விரண்டின் கூட்டால்தான். கலக்கும் நீர் காரத்தன்மை மிகுந்திருந்தால் செங்குழியங்களும் நீலச்சாம்பலாகிவிடும். அமிலத்தன்மை மிகுந்திருந்தால் அவை கடுஞ்சிவப்பாகி, கருக்கள் வெளிறிவிடும். பீ.எச். 6.8 உள்ள தாங்கற் கரைசலையன்றி, உவர்ப்பேறிய வாவிக்கரைக் கிணற்று நீரை இதற்கு ஒருபோதும் எடுக்கவேண்டாம்.

இனி அளவு. படத்தில் அளவுகோல் பொறித்திராவிட்டாலும் கவலையில்லை, செங்குழியமே அளவுகோல். ஆரோக்கியமான செங்குழியத்தின் விட்டம் ஏறக்குறைய 7.5 மைக்கிரோமீற்றர். குருதிச் சிறுதட்டு அதன் மூன்றிலொரு பங்கு. சிறிய லிம்போசைட்டின் கரு ஏறத்தாழ அதனளவு. நியூத்திரபிலும் இயோசினோபிலும் அதன் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. மொனோசைட் இரு மடங்கும் அதற்கு மேலும். படத்தைத் திரையிற் பெருப்பித்து, ஒழுங்கான வட்டமாயுள்ள மூன்று செங்குழியங்களின் விட்டத்தைப் பிக்சலில் அளந்து சராசரி எடுங்கள். ஒரே ஒரு குழியத்தை அளந்து முடிவுகட்டும் பழக்கம் வேண்டாம்.

அளவு தெரிந்தபின் கருவைப் பார்த்தால் பாதி வேலை தீர்ந்துவிடும். மெல்லிய இழைகளால் இணைந்த இரண்டு முதல் ஐந்து சோணைகளும் மங்கிய சிறுமணிகளும் இருந்தால் அது நியூத்திரபில். இரண்டு சோணைகளுடன், தனித்தனியே எண்ணத்தக்க பருமனுள்ள செம்மஞ்சள் மணிகள் குழியவுருவை நிறைத்திருந்தால் அது இயோசினோபில். கருவையே மறைக்கும் கருநீல மணிகள் இருந்தால் பேசோபில். நூறு வெண்குழியத்தில் ஒன்றுகூடக் கிடைப்பது அரிதாகையால், அதைத் தேடிக் கண்ணை வருத்தவேண்டாம்.

மீதமிருப்பது, சோணைகளாகப் பிரியாத ஒற்றைக் கருவுள்ள பெருங்குழியம். சந்தேகமெல்லாம் இதில்தான் வருகிறது. சிறிய லிம்போசைட்டில் எவரும் தவறுவதில்லை. இறுகிய உருண்டைக் கருவைச் சுற்றி ஒரு நீலக்கீற்றாகவே குழியவுரு இருக்கும். ஆனால் டெங்கு போன்ற வைரசுக் காய்ச்சலில் லிம்போசைட்டுகள் தூண்டப்பட்டு, மொனோசைட்டின் அளவுக்கே பருத்துவிடுகின்றன. கருவிலும் ஒரு பள்ளம் விழுகிறது. "பள்ளம் இருக்கிறது, பெரிதாக இருக்கிறது, ஆகவே மொனோசைட்" என்ற தருக்கம் இங்கேதான் தடம்புரள்கிறது. அளவும் பள்ளமும் இவ்விரண்டிற்கும் பொதுவாகையால், அவற்றை விட்டுவிட்டு வேறு மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று, கருவின் உள்ளமைப்பு. மொனோசைட்டின் குரோமற்றின், வாவியில் வீசி உலர்த்திய வலையைத் தளர்வாக மடித்து வைத்ததுபோல, இடைவெளி தெரியும் இழைகளாக இருக்கும். லிம்போசைட்டினதோ கட்டிகட்டியாகத் திரண்டிருக்கும். இதைக் கண்ணளவில் தீர்மானிக்க முடியாதபோது, அதே படத்திலுள்ள நியூத்திரபிலின் சோணையை ஒப்புநோக்குக் கல்லாக வையுங்கள். ஒரே சாயமும் ஒரே ஒளியும் பட்டவை அவை இரண்டும். நியூத்திரபிலின் கருவைவிடத் தெளிவாக வெளிறியிருந்தால் மொனோசைட்டின் பக்கம் சாயலாம். நிறத்துக்கு நான் முழு மதிப்புக் கொடுக்கும் இடம் இது ஒன்றே; ஏனெனில் இங்கே நிறத்தை நிறத்தோடு ஒப்பிடுகிறோமேயன்றி, ஞாபகத்திலுள்ள புத்தகப் படத்தோடு ஒப்பிடவில்லை.

இரண்டாவது, குழியவுரு. மொனோசைட்டில் அது நீலம் கலந்த சாம்பலாய், தேய்த்த கண்ணாடிபோல் மங்கி, நுண்ணிய ஊதா மணிகள் தூவப்பெற்று, பல வேளைகளில் வெற்றுக் குமிழ்களோடும் இருக்கும். தூண்டப்பட்ட லிம்போசைட்டில் அது கருவின் அருகே வெளிறி, ஓரத்தை நோக்கி நீலம் கடுத்துச் செல்லும். ஆகவே குழியவுருவின் நடுவை மட்டும் பாராமல், கருவிலிருந்து ஓரம்வரை கண்ணை நகர்த்திப் பாருங்கள்.

மூன்றாவது, அயலார். தூண்டப்பட்ட லிம்போசைட்டின் ஓரம் பக்கத்துச் செங்குழியங்களின் வளைவுக்கு இசைந்து அவற்றை அணைத்துக் கிடக்கும். தொடும் இடத்தில் நீலம் ஒரு கோடாகத் தடிக்கும். மொனோசைட்டில் இவ்வணைப்பு அவ்வளவாக இராது.

உதாரணமாக ஒரு படத்தைப் பார்ப்போம். செங்குழியங்கள் மூன்றும் 148, 152, 150 பிக்சல் என்று வந்தன, சராசரி 150. இதனை 7.5 மைக்கிரோமீற்றர் என்று கொண்டால், ஒரு பிக்சல் 0.05 மைக்கிரோமீற்றராகிறது. சந்தேகத்துக்குரிய குழியம் 320 பிக்சல். அதாவது 16 மைக்கிரோமீற்றர். கருவின் ஒரு பக்கத்தில் ஆழமற்ற பள்ளம். இதுவரை பார்த்தவர் மொனோசைட் என்றே எழுதுவார். ஆனால் குரோமற்றின் கட்டிகளாக இருந்தது. அருகிலிருந்த நியூத்திரபிலைவிட வெளிறவுமில்லை. குழியவுரு ஓரத்தில் கடும்நீலமாய், மூன்று செங்குழியங்களை அணைத்துக் கிடந்தது. குமிழோ நுண்மணியோ இல்லை. தூண்டப்பட்ட லிம்போசைட் என்றே நிர்ணயிக்கவேண்டும். அதனால் நோயாளிக்கு டெங்கு என்று சொல்லிவிட முடியாது. வேறு வைரசுக் காய்ச்சல்களிலும் இத்தகைய குழியங்கள் தோன்றும்.

இக்கணக்கில் ஒரு பொறி உண்டு. நோயாளிக்கு இரும்புக் குறைபாடோ தலசீமியாத் தன்மையோ இருந்தால் செங்குழியங்களே சிறுத்திருக்கும். அதே 150 பிக்சல் உண்மையில் 6 மைக்கிரோமீற்றராக இருந்தால், அந்த 320 பிக்சல் குழியம் 12.8 மைக்கிரோமீற்றராகக் குறைந்துவிடும். செங்குழியங்களின் நடுவெளிறல் விட்டத்தில் மூன்றிலொன்றைத் தெளிவாகக் கடந்திருந்தால் அளவுகோலைச் சந்தேகித்து, குருதி அறிக்கையில் செங்குழியத்தின் சராசரிக் கனவளவைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

சிறுதட்டைப் பற்றி ஒரு வார்த்தை. செங்குழியத்தின்மேல் ஒரு சிறுதட்டு வீழ்ந்து கிடந்தால், மலேரியா ஒட்டுண்ணி என்று மனம் பதறும். நமது நாடு மலேரியா அற்றதென்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் சான்றளித்திருந்தாலும், பிறநாடு சென்று வருவோரில் அது காணப்படுவதால் அலட்சியம் கூடாது. சிறுதட்டைச் சுற்றி வெளிறிய வளையமொன்று பெரும்பாலும் தெரியும். நுண்செம்மாக்கியை மெல்லத் திருப்பினால் அது செங்குழியத்தினின்று வேறான மட்டத்தில் கூர்மையடையும். படத்தில் இந்த இரண்டாம் பரீட்சையைச் செய்ய வழியில்லை. ஆகவே இவ்வகைச் சந்தேகத்தைப் படத்தை வைத்துத் தீர்க்காமல், வழுக்கியையே அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். வெட்டிய படத்தில் சிறுதட்டுகளை எண்ணி, குறைந்துவிட்டன என்று எழுதுவதும் தகாது. பூச்சின் வால்நுனியில் அவை திரண்டு கிடக்கக்கூடும்.

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே பக்கம் சாயாத குழியம் அகப்பட்டால், 'வகைப்படுத்தப்படாதது' என்று எழுதுங்கள். ஆய்வுகூடத்தில் அது அங்கீகரிக்கப்பட்ட விடையே. எனக்குப் படம் அனுப்பும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: நோயாளியின் பெயரும் இலக்கமும் தெரியாதபடி, ஒரே வழுக்கியில் மூன்று வெவ்வேறு இடங்களை எண்ணெய் வில்லையில் எடுத்து, அவ்விடங்கள் பூச்சில் எங்கே இருந்தன என்று காட்டக் குறைந்த உருப்பெருக்கத்தில் எடுத்த நாலாவது படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.