அப்பா அம்மாவுக்கு எந்த ஸ்மார்ட் டிவி?

கடைக்குப் போவதற்கு முன்னால், பெரியவர்கள் ஒரு நாளில் என்னென்ன பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தஞ்சோங் கிளிங்கில் ஒரு தாமான் வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு டிவி2 தமிழ்ச் செய்தி. அம்மாவுக்கு சன் தொடர்கள், யூடியூபில் பக்திப் பாடல். பேரப்பிள்ளைகள் வந்தால் நெட்ஃபிளிக்ஸ்.

இதில் டிவி2வுக்குச் செயலியே வேண்டாம். 2019 அக்டோபரோடு அனலாக் ஒளிபரப்பு மலேசியா முழுவதும் நின்று, மைஃபிரீவியூ என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு வந்துவிட்டது. DVB-T2 வசதி உள்ள டிவியில் யுஎச்எஃப் ஆன்டெனாவைச் செருகி அலைவரிசைகளைத் தேடவிட்டால் போதும், இணையம் இல்லாவிட்டாலும் செய்தி வரும். வீட்டில் ஆஸ்ட்ரோ பெட்டி இருந்து, தொடர்களும் அதில் வந்தால், டிவியின் இயங்குதளம் பாதி வேலையைத்தான் செய்யப்போகிறது. அதற்காக அதிகப் பணம் போட வேண்டியதில்லை.

மிச்சமிருக்கும் செயலிகளைக் கடையிலேயே பாருங்கள். காட்சிக்கு வைத்த டிவியை இணையத்தில் இணைக்கச் சொல்லி, செயலிக் கடையைத் திறந்து பெயரைத் தட்டுங்கள். பிராண்டைச் சொல்லிக் கேட்டால் விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் “இருக்கு” என்பார். சாம்சுங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், சோனி, டிசிஎல் போன்றவை பயன்படுத்தும் கூகுள் டிவி, ஹைசென்ஸின் விடா என ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலிக் கடை உண்டு. யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் எதிலும் கிடைக்கும். சிறிய தமிழ்ச் செயலிகளும் உள்ளூர்ச் செயலிகளும் கூகுள் டிவிக்கு முதலில் வருவது வழக்கம். அதனால் செயலி முக்கியம் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். இன்னொன்று: செயலிக் கடை நாட்டைப் பொறுத்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அங்கிருந்து டிவி வாங்கி அனுப்பினால், இங்கே உள்ள செயலிகள் சில அதில் தெரியாமல் போகலாம்.

அடுத்து, டிவிக்கு எவ்வளவு காலம் புதுப்பிப்பு வரும் என்பது. பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணைப் படியுங்கள். UA55DU7000 என்றால் 2024ஆம் ஆண்டு சாம்சுங், UA55CU7000 என்றால் 2023. தள்ளுபடியில் வரும் டிவி பெரும்பாலும் பழைய ஆண்டுடையதுதான். 2024இல் வந்த டிவிகளுக்கு ஏழு ஆண்டு இயங்குதள மேம்பாடு தருவதாக சாம்சுங் அறிவித்தது. எல்ஜி ஐந்து ஆண்டுகளில் நான்கு மேம்பாடு என்றது, அதுவும் குறிப்பிட்ட மாடல்களுக்கு. இந்த ஆண்டுக்கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதல்ல, மாடல் வந்த ஆண்டிலிருந்து ஓடுவது. கூகுள் டிவியில் புதுப்பிப்பை அனுப்புவது டிவி தயாரிப்பாளர் என்பதால் பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

ஆனால் டிவி நன்றாக ஓடினாலும் செயலி நின்றுபோகலாம். 2019 டிசம்பரில் பழைய சாம்சுங் டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்தப்பட்டது. படம் நன்றாகத் தெரிந்த டிவிகள்தான் அவை. அப்படி ஆகும்போது டிவியைத் தூக்கிப் போட வேண்டாம். HDMI துளையில் ஒரு கூகுள் டிவி ஸ்டிக்கைச் செருகினால், திரை பழையதாகவே இருக்க, இயங்குதளம் மட்டும் புதிதாகும். பாசார் மாலாமில் “எல்லா சேனலும் இலவசம்” என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை மட்டும் தொடாதீர்கள். இப்படிப்பட்ட பெட்டிகளில் வாங்கும்போதே BADBOX 2.0 என்ற தீய மென்பொருள் இருந்ததாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. உங்கள் வீட்டு இணையத்தை வேறு யாரோ பயன்படுத்த அது வழிவிடும்.

இனி ரிமோட். கடையில் அப்பா கையிலேயே கொடுங்கள், நீங்கள் வாங்கிப் பார்க்காதீர்கள். எல்ஜி மேஜிக் ரிமோட்டில் அம்புக்குறி கையோடு சேர்ந்து நகரும். கை நடுங்குபவர்களுக்கு அது தொல்லை. அதே எல்ஜியில் எண் பொத்தான்கள் உள்ள ரிமோட் வந்தால் ஒரு நல்ல வசதி இருக்கிறது: ஓர் எண்ணுக்கு ஒரு செயலியைப் பொருத்திவிட்டு, அந்த எண்ணை அழுத்திப் பிடித்தால் செயலி திறக்கும். 1 யூடியூப், 2 தொடர்கள் என்று எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிவிடலாம். புதிய ரிமோட்டுகள் சிலவற்றில் எண் பொத்தானே இல்லை, பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முகப்புத் திரையைக் குறையுங்கள். கூகுள் டிவியில் அமைப்புகளுக்குள் கணக்கைத் திறந்து Apps only mode என்பதை இயக்கினால், பரிந்துரைப் படங்கள் மறைந்து நீங்கள் வைத்த செயலிகள்தான் நிற்கும். குரல் தேடலும் சில வசதிகளும் அதோடு நின்றுவிடலாம். அம்மா பாட்டின் பெயரைச் சொல்லித் தேடுபவர் என்றால் இதை இயக்காமல் விடுங்கள். சாம்சுங்கில் Autorun Smart Hub என்பதை அணைத்தால், டிவி திறந்ததும் செயலித் திரைக்குப் பதிலாகக் கடைசியாகப் பார்த்த அலைவரிசை வரும். செய்தி பார்க்கும் அப்பாவுக்கு இதுவே போதும். பட்டியலில் இந்தப் பெயர் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறலாம், General பகுதியில் தேடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் டிவியை அணைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருங்கள். அப்பா தானே திறந்து செய்திக்குப் போகட்டும், அம்மா தொடருக்குப் போய் அங்கிருந்து டிவி2வுக்குத் திரும்பட்டும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தத் திரும்பி வருகிற இடத்தில்தான். அங்கே எந்தப் பொத்தானை அழுத்த வேண்டுமோ அதில் ஒரு வண்ண ஸ்டிக்கரை ஒட்டுங்கள்.