சனல் மாறியும் போகாத லோகோ

இந்த வார எபிசோடில் ஓலெட் திரைகளைப் பற்றிப் பேசும்போது, "பர்ன்-இன் வந்தால் என்ன செய்யலாம்?" என்ற கேள்வியை இரண்டு நிமிஷத்தில் தாண்டிப் போய்விட்டோம். அதை இங்கே ஆறுதலாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு வெளியே போகத் தேவையில்லை, எங்கள் வீட்டு ரிவியே இருக்கு.

அம்மா போனில் சொன்னது இதுதான்: "தம்பி, சனலை மாத்தினாலும் பழைய சனல் போகுதில்லை." சீரியல் நடிகை மஞ்சள் சேலையோடு வந்து நின்றால், சேலைக்கு மேலே செய்திச் சனலின் லோகோ மங்கலாகத் தெரியுதாம். ரிவி வாங்கி மூன்று வருஷம். ஒவ்வொரு நாளும் ஏழெட்டு மணித்தியாலம் அதே சனல்: வலது மேல் மூலையில் சிவப்பு லோகோ, கீழே சிவப்புப் பட்டியில் ஓடும் செய்தி.

போன உடனே செட்டிங்ஸைத் தொடவில்லை. முதலில் என்ன வருத்தம் என்று தெரியவேண்டும், பிறகுதான் மருந்து. லப்டொப்பை எச்டிஎம்ஐ கேபிளால் ரிவியோடு இணைத்து, ஒரே ஒரு வரி உள்ள ஃபைலை பிரவுசரில் திறந்து `F11` அழுத்தினேன்:

```html
<body style="margin:0;background:#808080">
```

முழுத்திரையும் சாம்பல் நிறமாகும். பிறகு அந்த நிறக் குறியீட்டை `#ff0000`, `#00ff00`, `#0000ff` என்று மாற்றி, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு நிறத்தையும் போனால் படம் எடுத்து வைத்தேன். போன் கமராவின் எக்ஸ்போஷரை லொக் பண்ணி எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

சாம்பல் திரையில் மூன்று பேய்கள் தெரிந்தன: மேலே லோகோ, கீழே பட்டி, நடுவில் மிக மெல்லிய நீள்சதுரம். நீள்சதுரம் நான் வருவதற்கு முன் அரை மணித்தியாலம் திரையில் நின்ற ஸ்ட்ரீமிங் பெட்டியின் மெனு. சிவப்புத் திரையில் லோகோவும் பட்டியும் பளிச்சென்று இருண்டு தெரிந்தன. நீலத்தில் லோகோ இருந்த இடமே தெரியவில்லை.

இந்த வித்தியாசத்தில்தான் முழு விஷயமும் இருக்கு. ஓலெட்டில் பின்னால் ஒரு பொது விளக்கு கிடையாது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் சப்பிக்சல்கள் தாங்களே எரிகின்றன. எரிய எரிய அந்தக் கரிமப் பொருள் தேயும், அதே மின்னோட்டத்துக்கு முன்னைய அளவு வெளிச்சம் தராது. எங்கள் ரிவியில் லோகோ இருந்த இடத்தில் சிவப்புச் சப்பிக்சல்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைவிட ஆயிரக்கணக்கான மணித்தியாலம் கூட வேலை செய்திருக்கின்றன. ஆகவே பெயர் 'பர்ன்' என்றாலும் அங்கே எதுவும் எரிந்து பதியவில்லை, சமமில்லாத தேய்மானம் அவ்வளவுதான். மஞ்சள் சேலைக்கும் சிவப்புச் சப்பிக்சல் வேண்டும், அதனால்தான் அம்மாவுக்கு அங்கே தெரிந்தது.

நடுவில் தெரிந்த நீள்சதுரம் வேறு சாதி. ஒவ்வொரு சப்பிக்சலுக்கும் மின்னோட்டத்தை அளந்து கொடுக்க மிகச் சிறிய டிரான்சிஸ்டர்கள் இருக்கு. ஒரே படம் நீண்ட நேரம் நின்றால் அவற்றின் குணம் கொஞ்சம் நகரும். பொருள் தேயவில்லை, கணக்குத்தான் பிசகியிருக்கு. இதைத் தற்காலிகப் பேய் என்று சொல்லலாம். நிமிஷங்களிலோ சில மணித்தியாலத்திலோ போய்விடும். போகாமல் மிஞ்சினால் ரிவி தானே சரிசெய்யும். பல ஓலெட் ரிவிகள், மொத்தமாக நாலு மணித்தியாலம் ஓடிய பிறகு ரிமோட்டால் நிறுத்தினால், திரை கறுப்பாக இருக்கும்போதே டிரான்சிஸ்டர்களை அளந்து திருத்திக்கொள்ளும். பத்து நிமிஷ வேலை.

இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "நான் படுக்கப் போகேக்கை சுவரிலை சுவிச்சை நிப்பாட்டிப்போடுவன். சும்மா ஏன் கறண்ட்?"

மூன்று வருஷம்! ஒரு நாள்கூட அந்தத் திருத்தம் ஓடவே இல்லை. ஸ்டாண்ட்பையில் ரிவி இழுப்பது அரை வாட் அளவு. வருஷம் முழுக்க விட்டாலும் 4.4 யூனிட்தான், ஒரு யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் ஒரு பவுண் சொச்சம். வைஃபை மூலம் எழுப்பும் வசதி போட்டிருந்தால் கொஞ்சம் கூடும். அப்பா கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்ப முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். நியாயம்தான்.

அன்றிரவு சுவிச்சை விட்டுவிட்டு, காலையில் அதே படங்களை அதே இடத்திலிருந்து எடுத்தேன். நீள்சதுரம் போய்விட்டது. பட்டி கொஞ்சம் மங்கியிருந்தது. லோகோ அப்படியே. பிறகு மெனுவில் இருக்கும் பெரிய திருத்தத்தை ஒரு தடவை ஓடவிட்டேன். அதன் பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறும்: `Pixel Refresh`, `Pixel Cleaning` என்று இருக்கும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும், இடையில் நிறுத்தக்கூடாது. இது தேய்ந்த சப்பிக்சல்களை அளந்து அவற்றுக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து மற்றவற்றோடு சமப்படுத்தப் பார்க்கும். லோகோ நன்றாக மங்கியது, ஆனால் சிவப்புத் திரையில் இன்னும் வாசிக்கலாம்.

இங்கே ஒரு எல்லை இருக்கு. போன வெளிச்சத்தை இது திருப்பித் தருவதில்லை. கூடுதல் மின்னோட்டம் என்றால் அந்தச் சப்பிக்சல் இன்னும் வேகமாகத் தேயும், கொடுக்கக்கூடிய மின்னோட்டத்துக்கும் உச்சம் உண்டு. ஆகவே வாராவாரம் ஓடவிட்டால் நல்லதென்று நினைக்காதீர்கள். யூடியூப்பில் நிறங்களைப் புரட்டிப் போட்டு மணிக்கணக்காக ஓடவிடச் சொல்லும் வீடியோக்கள் அதைவிட மோசம். நல்ல பிக்சல்களையும் தேய்த்துச் சமப்படுத்துவதுதான் அதன் வேலை. சேர்ட்டில் ஒரு இடம் வெளுத்தால் முழுச் சேர்ட்டையும் வெளுப்பது மாதிரி.

டெட் பிக்சல் இதற்குள் சேராது. அது எல்லா நிறத்திலும் கறுப்பாக நிற்கும் ஒரு புள்ளி. ஒரு சப்பிக்சல் மட்டும் செத்திருந்தால் அந்த நிறத்தில் மட்டும் கறுப்பாகத் தெரியும். சுற்று அறுந்தது அறுந்ததுதான், எந்த மெனுவும் எழுப்பாது. நிறங்களை வேகமாக மின்னவைக்கும் அப்கள் எல்சிடி திரையில் சிக்கிய பிக்சலுக்காக வந்தவை, ஓலெட்டில் அவற்றை நம்பி இருக்காதீர்கள். விரலால் அழுத்துவது எல்சிடிக்குச் சொன்ன வைத்தியம். ஓலெட்டில் ஈரமும் காற்றும் புகாமல் மூடியிருக்கும் மெல்லிய படை வெடித்தால் புள்ளி பெருகும். போன் திரையில் கறுப்போ ஊதாவோ ஒரு திட்டு நாளுக்கு நாள் வளர்ந்தால் அது பிக்சல் பிரச்சினை இல்லை. அன்றைக்கே பக்கப் எடுத்துவிடுங்கள், திரை மாற்றவேண்டி வரும்.

ஒன்றிரண்டு புள்ளிக்குப் பெரும்பாலும் வாரண்டி தரமாட்டார்கள். ஆனால் இங்கே பிரிட்டனில் ஒன்லைனில் வாங்கியதை, கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப உரிமை உண்டு. அந்த ஒரு வரி ஃபைலைப் பெட்டி திறந்த அன்றே ஓட்டுங்கள்.

போனில் பேய் தெரிந்தால் இன்னொரு சின்னச் சோதனை: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கேயும் தெரிந்தால் அது சொஃப்ட்வேர். திரை சுகமாக இருக்கு.

அம்மாவின் ரிவியில் வெளிச்சத்தை 100இலிருந்து 50க்கு இறக்கினேன். தேய்மானம் வெளிச்சம் குறையும் அளவைவிடக் கூடவே குறையும், அதனால் மிச்ச எல்லா வழிகளையும்விட இதுதான் பலன் தரும். லோகோவை மட்டும் மங்கச்செய்யும் செட்டிங்கும் இருந்தது, அதையும் போட்டேன். இரண்டு நாள் "இருட்டா இருக்கு" என்றார், மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. சனலை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அது நடக்காது.