ஆஸ்பிரினின் ஐ.ஆர். படம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்லூரி ஆய்வகத்தில் ஆஸ்பிரின் தயாரிப்பது சுலபம். 2 கிராம் சாலிசிலிக் அமிலத்துடன் 5 மி.லி. அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து, சில சொட்டு அடர் கந்தக அமிலம் விட்டு, வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் வைத்துக் குளிர்ந்த நீரில் கொட்டினால் வெள்ளைப் படிகம் இறங்கும். போட்ட சாலிசிலிக் அமிலமும் வெள்ளைப் படிகம்தான். எனவே கிடைத்தது எது என்று காட்ட அகச்சிவப்பு நிறமாலை, அதாவது ஐ.ஆர். படம், எடுக்கிறோம். அந்தப் படத்தைப் படிக்கும்போதுதான் தவறான நம்பிக்கைகள் குறுக்கே வருகின்றன. கீழே வரும் எண்கள் எல்லாம் செ.மீ⁻¹ அலகில் உள்ள அலை எண்கள். மாதிரியைத் தயார் செய்யும் விதத்தைப் பொறுத்து அவை சில அலகுகள் முன்பின் நகரலாம்.

நம்பிக்கை: வினை முடிந்திருந்தால் O–H பீக் முழுதாக மறைந்திருக்க வேண்டும்.

சாலிசிலிக் அமிலத்தில் இரண்டு O–H உண்டு. ஒன்று பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டியிருக்கும் பீனால் O–H, மற்றது கார்பாக்சிலிக் அமிலத்தின் O–H. அன்ஹைட்ரைடு எஸ்டராக மாற்றுவது பீனாலை மட்டுமே. அமிலத் தொகுதி அப்படியே இருக்கிறது. ஆகவே சரியாகத் தயாரான ஆஸ்பிரினிலும் O–H தெரியத்தான் செய்யும். அது 3300-இலிருந்து 2500 வரை பரந்து சரியும் ஒரு பெரிய பள்ளம். இரண்டு அமில மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஜோடி சேர்ந்திருப்பதால்தான் அது அவ்வளவு அகலமாகிறது. 3000-ஐ ஒட்டிய C–H பீக்குகள் அந்தப் பள்ளத்தின் மேலேயே சிறு பற்களாக உட்கார்ந்திருக்கும்.

மறைய வேண்டியது வேறு. சாலிசிலிக் அமிலத்தின் படத்தில் இந்தப் பரந்த பள்ளத்தின் இடது ஓரத்தில், 3235 அருகே, தனியாக ஒரு பீக் துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் பீனால் O–H. நம் பொருளின் படத்தில் அந்த முனை இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 3440-ஐ ஒட்டி வழவழப்பான ஒரு மேடு வந்தால் அதைப் பீனால் என்று எழுதிவிட வேண்டாம். மாதிரியைக் கலந்து வில்லையாக அழுத்தப் பயன்படும் பொட்டாசியம் புரோமைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். அந்த நீரின் மேடு அது. கூடவே 1630 அருகேயும் நீர் ஒரு சிறு பீக்கைத் தரும். ஐயமிருந்தால் மாதிரி சேர்க்காத வெறும் வில்லை ஒன்றை அழுத்திப் படம் எடுத்துப் பாருங்கள். அதிலும் அதே மேடு இருந்தால் பொடியை 110 டிகிரியில் நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

நம்பிக்கை: கார்பனைல் என்றால் 1700. புதிதாக ஒரு பீக் வந்திருந்தால் போதும்.

பாடநூல் அட்டவணை தரும் 1700 ஒரு நடுமதிப்பு. எந்தக் கார்பனைல், அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்த எண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது சொல்கிறது. ஆஸ்பிரின் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு.

ஆஸ்பிரினில் கார்பனைல் பகுதியில் இரண்டு வலுவான பீக்குகள் உண்டு. மேலே இருப்பது ஏறத்தாழ 1754. இது புதிதாக உருவான எஸ்டர். எத்தில் அசிட்டேட் போன்ற சாதாரண எஸ்டரில் C=O 1740 அருகே வரும். இங்கே ஏன் கூடுதல்? எஸ்டரின் ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜன் பென்சீன் வளையத்தோடு இணைந்திருக்கிறது. அதன் எலக்ட்ரான் இணையில் ஒரு பங்கை வளையம் இழுத்துக்கொள்கிறது. கார்பனைலுக்குக் கிடைக்கும் பங்கு குறைவதால் C=O பிணைப்பு தன் இரட்டைத் தன்மையை அதிகம் தக்கவைத்து விறைப்பாகிறது. விறைப்பான பிணைப்பு வேகமாக அதிரும், அலை எண் ஏறும்.

இரண்டாவது பீக் 1690 அருகே. இது அமிலத்தின் C=O. பலரும் இதை "பழையது, வினையில் பங்கெடுக்காதது" என்று தள்ளிவிடுகிறார்கள். என் கணிப்பில் இந்தப் படத்தின் மிகச் சுவையான சாட்சியே இதுதான். ஏனென்றால் தொடக்கப் பொருளில் இதே அமிலக் கார்பனைல் 1690-இல் இல்லை, ஏறத்தாழ 1655-இல் இருக்கிறது. சாலிசிலிக் அமிலத்தில் பக்கத்துப் பீனால் ஹைட்ரஜன் கார்பனைல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மூலக்கூறுக்குள்ளேயே ஆறு அணு வளையமாக ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்கிறது. அந்தப் பிடி C=O-வைத் தளர்த்தி அலை எண்ணைக் கீழே இறக்குகிறது. பீனால் எஸ்டராக மாறியதும் பிடிக்க ஹைட்ரஜன் இல்லை. கார்பனைல் தளர்விலிருந்து மீண்டு 1690-க்கு ஏறுகிறது. வினையில் தொடப்படாத தொகுதி, பக்கத்தில் நடந்த மாற்றத்தைத் தன் இடப்பெயர்ச்சியால் காட்டிக்கொடுக்கிறது.

இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. 1754, 1690 இரண்டோடு 1655 அருகே ஒரு தோளும், 3235 அருகே ஒரு முனையும் சேர்ந்து தெரிந்தால் வினை பாதியில் நின்றிருக்கிறது. 1820 அருகே பீக் இருந்தால் அன்ஹைட்ரைடு சரியாகச் சிதைந்து கழுவப்படவில்லை.

நம்பிக்கை: ஒவ்வொரு பீக்குக்கும் பெயர் எழுதினால்தான் விடை முழுமை.

1500-க்குக் கீழே உள்ள விரல் ரேகைப் பகுதியில் பல பிணைப்புகள் சேர்ந்து அதிர்கின்றன. அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தொகுதியை ஒட்டுவது ஊகம். 1190-ஐ ஒட்டிய வலுவான C–O பீக்கையும், விரும்பினால் 755 அருகே அடுத்தடுத்த இடங்களில் பதிலீடு பெற்ற வளையத்தின் C–H வளைவையும் சொன்னால் போதும். மீதியைத் தூய ஆஸ்பிரினின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவேட்டில் அட்டவணையைவிடப் பத்தியாக எழுதுவது நல்லது, காரணத்தையும் சேர்த்துச் சொல்ல முடியும். இப்படி: "விளைபொருளில் 1754-இல் வலுவான பீக் உள்ளது; இது பீனாலின் அசிட்டேட் எஸ்டர் C=O நீட்சி. 1690-இல் உள்ளது அமில C=O; தொடக்கப் பொருளின் 1655-இலிருந்து இது உயர்ந்திருப்பது மூலக்கூறுக்குள் இருந்த ஹைட்ரஜன் பிணைப்பு நீங்கியதைக் காட்டுகிறது. 3235-இல் இருந்த பீனால் O–H காணப்படவில்லை. 3300–2500 பரந்த பள்ளம் அமில O–H. 1605 பென்சீன் வளையம். 1190 எஸ்டர் C–O."

நம்பிக்கை: படம் ஒத்துப்போனால் பொருள் தூயது.

ஐ.ஆர். எந்தத் தொகுதிகள் இருக்கின்றன என்று சொல்லும். சில விழுக்காடு சாலிசிலிக் அமிலம் கலந்திருந்தால் அதன் பீக்குகள் பெரிய பீக்குகளின் அடியில் ஒளிந்துவிடும். அதை ஃபெரிக் குளோரைடு உடனே காட்டிவிடும்: ஒரு சொட்டு விட்டதும் ஊதா நிறம் வந்தால் பீனால் மிச்சமிருக்கிறது. தூய ஆஸ்பிரின் 135 டிகிரி அருகே உருகும். கலப்படமானது அதற்குக் கீழேயே தளர்ந்து, நீண்ட இடைவெளியில் உருகும். ஐ.ஆர். படத்தை ஒட்டும் அதே பக்கத்தில் இந்த இரண்டு சோதனைகளின் முடிவையும் எழுதி வையுங்கள்.