ஆணை ஏற்பு மடலில் ஒரு பத்தி

நுழையும்முன்

பொருளை வாங்குபவர் அனுப்புவது கொள்முதல் ஆணை. அதனைப் பெற்ற உற்பத்தியாளர் மறுமொழியாக அனுப்புவது ஆணை ஏற்பு மடல். 'ஆணை கிடைத்தது' என்று தெரிவிக்கும் வெறும் ரசீதாகவே பலரும் அதனைக் கருதுவர். ஆனால், பணம் எப்போது, எவ்வளவு, எந்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தரப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் அம்மடலின் ஒரு பத்திக்கு உண்டு. அப்பத்தியை எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இரு தாள்கள், இரு நிபந்தனைகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனத் தொடரும் தொழிற்பகுதியில் பெரிய வாகன ஆலைகளைச் சூழ்ந்து உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பல இயங்குகின்றன. அவற்றுள் சில, ஆலைகளுக்கு மட்டுமன்றி வெளியூர்க் கடைகளுக்கும் விநியோகஸ்தர் வழியாகப் பொருளை விற்கின்றன.

ஒரகடத்தில் இருசக்கர வாகனங்களுக்குப் பிரேக் ஷூ செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்று உள்ளது எனக் கொள்க. மதுரையிலுள்ள புதிய விநியோகஸ்தர் ஒருவர் 2,000 இணை வேண்டுமென ஆணை அனுப்புகிறார். ஓர் இணை 200 ரூபாய். மொத்தம் 4,00,000 ரூபாய். சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. அது 72,000 ரூபாய். ஆக, செலுத்த வேண்டிய தொகை 4,72,000 ரூபாய். ஆணையின் கீழ்ப்பகுதியில், 'சரக்கு வந்துசேர்ந்த நாளிலிருந்து 60 நாள்களில் பணம் தரப்படும்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது.

தொழிற்கூடம் ஏற்பு மடல் அனுப்புகிறது. அதில், '30 விழுக்காடு முன்பணம். மீதி 30 நாள்களில்' என்றிருக்கிறது. அளவிலும் விலையிலும் இரு தாள்களும் ஒத்துப்போகின்றன. பணம் செலுத்தும் நிபந்தனையில் மட்டும் மாறுபடுகின்றன. இப்போது ஒப்பந்தம் உருவாகிவிட்டதா?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7ஆம் பிரிவில், ஏற்பு என்பது முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நிபந்தனையை மாற்றி எழுதிய மடல், பெயரளவில் ஏற்பாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் ஏற்பு ஆகாது. அது எதிர்முனைவு, அதாவது ஒரு புதிய முன்மொழிவு. அதனை விநியோகஸ்தர் ஏற்ற பின்னரே ஒப்பந்தம் உருவாகும். கையொப்பமிட்டு ஏற்கலாம், மறுப்பின்றி முன்பணத்தை அனுப்பினால், அந்நடத்தையும் ஏற்பாகும்.

பிழை நேரும் இடம்

விநியோகஸ்தரிடமிருந்து மறுமொழி இல்லை, முன்பணமும் வரவில்லை. ஆயினும், முதல் வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்ற தயக்கத்தில் தொழிற்கூடம் ஜூன் 10 அன்று விற்பனைப் பட்டியல் எழுதிச் சரக்கை லாரியில் ஏற்றிவிடுகிறது. ஜூன் 13 அன்று அது மதுரையை அடைகிறது. ஜூலை 10 அன்று மீதிப் பணத்தைக் கேட்டால், 'எங்கள் ஆணைப்படி ஆகஸ்டு 12 வரை காலம் இருக்கிறது' என்ற விடை வருகிறது.

யார் கூறுவது சரி? மாற்று நிபந்தனையை அறிந்தே சரக்கைப் பெற்றுக்கொண்டதால் விநியோகஸ்தர் அதனை ஏற்றார் எனத் தொழிற்கூடம் வாதிடலாம். முன்பணம் கேட்டவரே அது வராமல் சரக்கை அனுப்பியதால், தம் நிபந்தனையைத் தாமே கைவிட்டு எங்கள் ஆணையை ஏற்றார் என விநியோகஸ்தரும் வாதிடலாம். மடலில் எழுதியதற்கு மாறாக நடந்துகொண்டதே மடலின் வலிமையைக் குறைத்துவிட்டது.

இந்த 33 நாள் வேறுபாடு சிறியதன்று. மாதந்தோறும் வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனம், ஜூன் மாத விற்பனைக்குரிய வரியை ஜூலை 20க்குள் செலுத்த வேண்டும். மூலப்பொருளுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளலாம். வாங்கியவர் பணம் தரவில்லை என்பதற்காகக் காலம் தாழ்த்த இயலாது. கூலியும் மூலப்பொருள் விலையும் அவ்வாறே காத்திரா.

முன்பணம் ஏன்?

கடனின்றி விற்ற பொருளுக்கு விலை கிடைக்கும்வரை அதனைத் தம்மிடமே நிறுத்திவைக்கும் உரிமையை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விற்பவருக்குத் தருகிறது. ஆனால், எந்த உரிமையையும் தக்கவைத்துக்கொள்ளாமல், வாங்குபவரிடம் சேர்ப்பதற்காகச் சரக்கை லாரி நிறுவனத்திடம் ஒப்படைத்ததும் அவ்வுரிமை நீங்கிவிடும். அதன்பின் வழியில் நிறுத்தி மீட்பதற்கு, வாங்குபவர் கடனைத் தீர்க்க இயலாத நிலையை அடைந்திருக்க வேண்டும். எனவே, பழகாத விநியோகஸ்தரிடம் லாரி புறப்படுவதற்கு முன் பெறும் தொகையே விற்பவருக்கு உறுதியான பாதுகாப்பு.

சொற்களில் தெளிவு

'30 விழுக்காடு முன்பணம்' என்ற தொடரிலும் ஓர் ஐயம் உண்டு. வரி நீங்கிய விலையில் அது 1,20,000 ரூபாய். வரி சேர்ந்த தொகையில் 1,41,600 ரூபாய். '30 நாள்களில்' என்பதும் அவ்வாறே. பட்டியல் எழுதிய நாளா, லாரி ரசீது நாளா, சரக்கு சேர்ந்த நாளா? எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைச் சொல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை. மேற்கண்ட குறைகளைக் களைந்து அப்பத்தியைப் பின்வருமாறு எழுதலாம்:

> *உங்கள் ஆணையில் கண்ட 60 நாள் கடன்காலத்தை எங்களால் ஏற்க இயலவில்லை. அதற்கு மாற்றாகக் கீழ்க்கண்ட நிபந்தனைகளை முன்வைக்கிறோம். வரி உள்ளிட்ட 4,72,000 ரூபாயில் 30 விழுக்காடாகிய 1,41,600 ரூபாயைச் சரக்கு புறப்படுவதற்கு முன் செலுத்த வேண்டும். மீதி 3,30,400 ரூபாயை விற்பனைப் பட்டியல் நாளிலிருந்து 30 நாள்களுக்குள் செலுத்த வேண்டும். தாமதமாகும் நாள்களுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி உண்டு. இம்மடலின் படியில் கையொப்பமிட்டு அனுப்பி, முன்பணமும் செலுத்திய பின்னரே சரக்கு அனுப்பப்படும்.*

முதல் வரி வேறுபாட்டை மறைக்காமல் சொல்கிறது. தொகைகள் எண்ணாலேயே குறிக்கப்பட்டுள்ளன. நாள் எண்ணும் தொடக்கம் தெளிவாக உள்ளது. இறுதி வரி, கையொப்பத்தையும் முன்பணத்தையும் சரக்கு புறப்படுவதோடு பிணைக்கிறது. அந்த வரியைத் தொழிற்கூடம் தானும் கடைப்பிடித்தால்தான் பத்தி முழுவதும் உயிர்பெறும்.

விநியோகஸ்தருக்கும் இதில் நன்மை உண்டு. 30 நாள் போதாது எனில், சரக்கு புறப்படுவதற்கு முன்பே அவர் அதனைச் சொல்லலாம். 40 நாளுக்கு இருவரும் இணங்கலாம். சரக்கு கடையில் இறங்கிய பின் எழும் பூசலைவிட, முன்னரே நிகழும் பேரம் இரு தரப்புக்கும் இழப்பற்றது.

தெரியுமா?

2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, முன்பே பதிவுபெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்குபவர், உடன்படிக்கையில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைத்தல் கூடாது. மீறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வீதத்தில், மாதந்தோறும் கணக்கிடப்படும் கூட்டுவட்டி தர வேண்டும். எடுத்துக்காட்டில் கண்ட தொழிற்கூடம் அவ்வாறு பதிவுபெற்றிருப்பின், 60 நாள் நிபந்தனையே ஒப்பந்தமானது எனக் கொண்டாலும், இறுதி நாள் ஆகஸ்டு 12 அன்று. ஜூலை 28 ஆகும்.

கற்பவை கற்றபின்

1. 'முன்பணம் பாதி, மீதி ஒரு மாதத்தில்' என்னும் தொடரில் உள்ள ஐயங்களைக் கண்டறிந்து, தெளிவாகத் திருத்தி எழுதுக.
2. விநியோகஸ்தர், 40 நாள் கடன்காலம் வேண்டி ஒரகடத்துத் தொழிற்கூடத்துக்கு எழுதும் மறுமொழி மடலை உருவாக்குக.
3. முன்பணம் வராமல் சரக்கை அனுப்பியது ஏற்பு மடலின் வலிமையை எவ்வாறு குறைத்தது? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுக.