கெயின் கூடினால் பொது மின்னழுத்தமும் கூடுமா?

நான்கு 350 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ்களைப் பிரிட்ஜாக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், அதன் இரு வெளியீட்டு முனைகளிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் நிற்கும். இதுவே பொது மின்னழுத்தம். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் லோட் செல்லில், முழுச் சுமை ஏறும்போதும் இம்முனைகளுக்கு இடையே உண்டாகும் வேறுபாடு 10 மில்லிவோல்ட்தான். மூன்று ஆப்-ஆம்ப் கொண்ட இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர் இந்த வேறுபாட்டை மட்டும் பெருக்க வேண்டும்.

நம்பிக்கை: கெயினைக் கூட்டினால் பொது மின்னழுத்தமும் அதே அளவு பெருகும்.

உண்மை: பெருகாது. முதல் நிலையின் இரு ஆப்-ஆம்ப்களுக்கும் ஒரே மின்னழுத்தம் வந்தால், அவற்றை இணைக்கும் Rg-யின் இரு முனைகளும் சம அழுத்தத்தில் இருக்கும். அதில் மின்னோட்டமே ஓடாது. ஆகவே ஃபீட்பேக் ரெசிஸ்டர்களான இரு R-களிலும் அழுத்த இறக்கம் இல்லை, 2.5 வோல்ட் அப்படியே வெளியே வருகிறது. வேறுபாடு தோன்றினால்தான் Rg வழியே மின்னோட்டம் ஓடும். அதற்கான கெயின்:

```
G = 1 + 2R/Rg
```

R 10 கிலோஓம், Rg 100 ஓம் என்றால் கெயின் 201. 10 மில்லிவோல்ட் 2.01 வோல்ட்டாகிறது.

நம்பிக்கை: எல்லா ரெசிஸ்டர்களும் துல்லியமாகப் பொருந்தினால்தான் பொது மின்னழுத்தம் அடங்கும்.

உண்மை: முதல் நிலையின் இரு R-களும் சற்று மாறுபட்டால் கெயின்தான் பிசகும். பொருத்தம் தேவைப்படுவது, பொது மின்னழுத்தத்தைக் கழிக்கும் மூன்றாவது ஆப்-ஆம்பைச் சுற்றிய நான்கு ரெசிஸ்டர்களுக்கு. நான்கும் சம மதிப்பில், 1% பிழையுடன், மிக மோசமாக அமைந்தால் பொது மின்னழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கசியும். 2.5 வோல்ட்டுக்கு இது 50 மில்லிவோல்ட். முழு அளவான 2.01 வோல்ட்டில் சுமார் 2.5%. ரெசிஸ்டர்கள் 0.1% ஆனால் கசிவு 5 மில்லிவோல்ட்டாகக் குறையும். நிலையான கசிவைச் சுமையில்லாத நேரத்தில் கழித்துவிடலாம்; கேபிளில் ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அப்படிக் கழிக்க முடியாது. சோதிப்பது எளிது: இரு உள்ளீடுகளையும் ஒன்றாக இணைத்து, அவற்றின் அழுத்தத்தை 2-இலிருந்து 3 வோல்ட்டுக்கு நகர்த்தினால், வெளியீடு எவ்வளவு அசைகிறதோ அதுவே ஒரு வோல்ட்டுக்கான கசிவு.

நம்பிக்கை: வெளியீடு எல்லைக்குள் இருந்தால் கெயின் சரி.

உண்மை: முதல் நிலையின் வெளியீடுகளை நேரடியாக அளந்து பார்க்காதவர்கள் ஏமாறும் இடம் இது. அவ்விரு வெளியீடுகளும் 2.5 வோல்ட்டிலிருந்து மேலும் கீழுமாக, பெருக்கிய வேறுபாட்டில் பாதிப்பாதி விலகும். கெயின் 201-இல் அவை சுமார் 3.5, 1.5 வோல்ட், 5 வோல்ட் ஒற்றை சப்ளையில் இடமுண்டு. கெயின் 500 ஆனால் 5, 0 வோல்ட் என்று சப்ளையின் இரு எல்லைகளையும் தொட வேண்டியிருக்கும். ஆப்-ஆம்ப் அங்கே போகாமல் திணறும். இறுதி வெளியீடோ 5 வோல்ட்டுக்குக் கீழே நின்று, நம்பத்தக்க அளவீடு போலவே தோன்றும். சுமை கூடியும் அளவு நகராமல் நின்றால் முதலில் முதல் நிலையை அளந்து பார்க்க வேண்டும்.