மாதவிலக்கும் குடல் உபாதையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவுக்குப் போகும் பெண்களானாலும், வில்லியனூரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் பெண்களானாலும், மாதவிலக்கு நாட்களில் வயிறு கலங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால், வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "உடம்புச் சூடுதான், வெந்தயத்தை மோரில் போட்டுக் குடி, எங்களுக்கெல்லாம் இல்லாததா?" மோரும் வெந்தயமும் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அந்தச் சமாதானத்தின் நிழலில் இருவேறு வியாதிகள் ஒரே முகத்தோடு ஒதுங்கி நிற்கின்றன; அவற்றில் ஒன்று குடலின் சுபாவத்தைப் பற்றியது, மற்றொன்று குடலின் சுவருக்குள்ளேயே ஊடுருவுவது.

முதலில் சூட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம். விலக்கு வருவதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு நாட்களில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உயர்ந்திருப்பதால் குடலின் அசைவு மந்தப்பட்டு, மலம் இறுகி, வயிறு உப்புகிறது. விலக்கு தொடங்கியதும் அந்த ஹார்மோன் இறங்கிவிட, உதிரும் கருப்பையின் உட்படலத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் இரசாயனங்கள் வெளிப்பட்டுக் கருப்பையை இறுக்கிப் பிழிவதோடு, பக்கத்திலேயே இருக்கும் குடலையும் முடுக்கிவிடுகின்றன. ஆகையால் முதல் இரண்டு நாட்களில் இளக்கமாகப் போவதும், இரண்டு மூன்று தடவை போவதும் ஆரோக்கியமான பெண்களுக்கும் சகஜமே; அதற்குக் காரணம் உடம்புச் சூடு அல்ல.

இதற்கு நேர்மாறாக, படித்த இளம்பெண்களிடையே இப்போது பரவிவரும் நம்பிக்கை ஒன்று உண்டு. குடல் உபாதை விலக்கோடு சேர்ந்து வந்தால் அது கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதே அது. இதுவும் பிழை. ஐ.பி.எஸ். என்று மருத்துவர்கள் சொல்லும் குடல் கோளாறில், குடலில் புண்ணோ கட்டியோ இராது. குடலின் நரம்புகள் மட்டும் சாதாரண அசைவையும் வலியாக உணரும் அளவுக்குக் கூர்மையடைந்திருக்கும். மூன்று மாத காலமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாயிருத்தல், மலம் போகும் தடவையிலோ தன்மையிலோ மாறுதல் ஆகியவையே அதன் லட்சணம். இப்படிப்பட்ட குடலுக்கு, எல்லோருக்கும் நேரும் அந்த விலக்கு நாள் முடுக்கமே பெரும் அவஸ்தையாகிவிடுகிறது. ஆகவே விலக்கின்போது உபாதை அதிகமாகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இன்ன நோய் என்று தீர்மானிக்க முடியாது. மாதத்தின் மற்ற நாட்கள் எப்படி இருக்கின்றன என்பதையும், வலி எந்தக் கணத்தில் வருகிறது என்பதையும் பார்த்தே பேதம் காண வேண்டும்.

ஓர் உதாரணமாக, பாகூர்ப் பக்கத்தில் முப்பது வயதுள்ள, திருமணமாகி ஐந்து வருஷமாகியும் கருத்தரிக்காத ஒரு பெண்ணை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். பள்ளிக் கணக்கு நோட்டு ஒன்றில் இரண்டு மாதம் அவள் எழுதிவந்தால், விலக்கின் இரண்டாம் நாளில் இப்படி இருக்கும்: "காலையில் வெளிக்குப் போனேன். முக்கும்போது ஆசனவாய்க்கு மேலே கத்தியால் குத்தின மாதிரி வலி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயந்துகொண்டு சாயந்திரம் அடக்கிவிட்டேன்." அதே நோட்டில் பதினைந்தாம் நாளுக்கு எதிரே, "ஒன்றுமில்லை" என்றிருக்கும். தாம்பத்தியத்தின்போது ஆழத்தில் வலிப்பதையும் அவள் எழுதியிருக்கலாம், கேட்டாலொழியச் சொல்லமாட்டாள். இந்த நோட்டின் சாட்சியம் எண்டோமெட்ரியோசிஸை நோக்கிக் கை காட்டுகிறது. வில்லியனூரில் தையல் வேலை செய்யும் வேறொருத்தியின் நோட்டிலோ, வாரத்துக்கு இரண்டு நாள் வலியும், போய்வந்தால் தணிவும், பயறு சாப்பிட்ட நாளில் உப்புசமும் மாதம் முழுவதும் விரவிக் கிடக்க, விலக்கு நாளில் அவையே சற்று உரத்துப் பேசும். அவளுடையது பெரும்பாலும் ஐ.பி.எஸ்.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே வேர்கொள்வது. உலகில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இது உண்டென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடலைப் பற்றுவது அவர்களில் சிறுபான்மையினருக்கே. பற்றும்போது பெரும்பாலும் கருப்பைக்கு நேர் பின்னாலுள்ள மலக்குடலையும் அதற்கு மேலான வளைகுடலையும் பற்றுகிறது. விலக்குதோறும் அங்கே அழற்சி கண்டு, தழும்பு படிந்து, குடல் சுவர் தடிக்கிறது. தடித்த அவ்விடத்தை மலம் கடக்கும்போதுதான் அந்தக் குத்தல்.

இந்த இடத்தில்தான் மிகவும் தீங்கு விளைவிக்கும் நம்பிக்கை குறுக்கிடுகிறது: "ஸ்கேனும் எடுத்தாச்சு, கேமரா விட்டும் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்." கோயில் மதிலின் வெளிப்புறத்தில் அரசங்கன்று வேர்விட்டிருக்க, உள்ளே நின்று பார்ப்பவனுக்குச் சுண்ணாம்புப் பூச்சு மாசின்றித் தெரிவதைப் போல, குடலின் வெளிப்பக்கத்திலிருந்து தசைக்குள் இறங்கும் இந்தத் திசு, உட்சவ்வை எட்டுவது அபூர்வம், கொலோனோஸ்கோப்பிக் குழாய் காண்பதோ உட்சவ்வை மட்டுமே. விலக்கு நாட்களில் மட்டும் மலத்தில் ரத்தம் வருவது முக்கியமான அடையாளமே என்றாலும், பலருக்கு அது வராமலிருப்பதற்கும் இதுவே காரணம். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண ஸ்கேனும் மலக்குடலின் முன்சுவரைச் சரிவரக் காட்டாது. அதில் தேர்ச்சி பெற்றவர், குடலையும் பார்க்க வேண்டும் என்ற நோக்கத்தோடு யோனி வழியே எடுக்கும் ஸ்கேன்தான் உதவும். மணமாகாத பெண்களுக்கு அந்தப் பரிசோதனை நம்மூரில் பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. அவர்களுக்கு இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. உண்டு. இவற்றிலும் ஒன்றும் தெரியாதிருந்து, நோட்டு மட்டும் வேறு கதை சொல்லுமானால், நோட்டை நம்பி மேலே விசாரிப்பதே முறை.

இரண்டு நோட்டுகளுக்கும் வெளியே நிற்கும் சில அறிகுறிகளை விலக்கின் கணக்கில் எழுதவே கூடாது. விலக்கில்லாத நாளிலும் மலத்தில் ரத்தம், காரணமின்றி மெலிதல், மாலைக் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை ஆகியவை குடல் காசநோய், குடல் அழற்சி, புற்றுநோய் முதலியவற்றின் சந்தேகத்தை எழுப்புபவை. அவற்றுக்கு உடனே பரிசோதனை வேண்டும். அப்போது கொலோனோஸ்கோப்பிக்கு உரிய இடம் கிடைக்கிறது.

"ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாயிடும்" என்ற வாக்கை, அன்பினால் சொல்லப்படுவதாயினும், நான் ஏற்கமாட்டேன். கர்ப்பகாலத்தில் விலக்கு நிற்பதால் வலி சிலருக்கு ஓய்வதுண்டு, நோய் ஓய்வதில்லை. இந்நோய்க்கு வைத்தியமாகக் கர்ப்பத்தைச் சிபாரிசு செய்யக்கூடாதென்றே 2022-ஆம் ஆண்டின் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. கருத்தரிப்பதையே இந்நோய் தடுக்கக்கூடும் என்னும்போது, அந்த வாக்கு பாதிக்கப்பட்ட பெண்ணை இரட்டைத் துயரத்தில் அல்லவா தள்ளுகிறது!

அந்தப் பாகூர்ப் பெண் வில்லியனூரிலோ பாகூரிலோ உள்ள அரசு மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, "வயிறு சரியில்லை" என்பதல்ல. "விலக்கு நாளில் மட்டும் வெளிக்குப் போகும்போது குத்துகிறது, ஐந்து வருஷமாகக் குழந்தையும் இல்லை" என்பதே. அங்கிருந்து எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கோரிமேட்டு ஜிப்மருக்கோ அனுப்பக் கேட்கலாம். டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை வலியை அடக்கும், நிறுத்தினால் திரும்பக்கூடும், உட்கொள்ளும் காலத்தில் கருத்தரிப்பதை எதிர்பார்க்க முடியாது. ஆதலால் அவள் விருப்பம் எதுவென்று முதலிலேயே கேட்கப்பட வேண்டும். குடலை அறுக்கும் சிகிச்சை, மருந்துக்கு மசியாத வலிக்கும் குடல் குறுகிப்போனதற்கும் உரியது. தையல் கசியும் அபாயம் உள்ளதால், குடல் அறுவை நிபுணர் உடனிருக்கும் இடத்திலேயே செய்யத்தக்கது. தையல்காரப் பெண்ணுக்கோ இசப்கோலும், உபாதை தரும் பண்டங்களைச் சில வாரம் விலக்கி ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதும் போதுமானதாக இருக்கலாம். இரண்டு நோயும் ஒருத்திக்கே இருப்பதும் அபூர்வமல்ல. ஒன்றுக்குச் சிகிச்சை முடிந்தபின் மிச்சமிருக்கும் வயிற்று உபாதையை, முன்னது திரும்பிவிட்டதென்று முடிவுகட்டாமல், அந்த நோட்டை மறுபடியும் இரண்டு மாதம் எழுதிப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.